நாவலின் முன்னட்டை: தலைப்பு, பெயர், ஒரே ஒரு படம்

“என் முதல் நாவல் அச்சுக்குப் போகிறது. பெயர் ‘உப்பளத்தில் பெய்த மழை’. டெமி அளவு, 232 பக்கம், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் கதை. டிசைனர் மூன்று அட்டை மாதிரி அனுப்பியிருக்கிறார். மூன்றும் கல்யாணப் பத்திரிகை மாதிரி நெரிசலாகத் தெரிகிறது, ஆனால் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைப்பு எவ்வளவு பெரிதாக வேண்டும், என் பெயர் எங்கே, என்ன அளவில், படம் எப்படி இருக்கலாம்?”

மூன்றையும் பார்த்தேன். முதலாவதில் சூரியன் மறைகிற உப்பளத்தின் புகைப்படம் அட்டை முழுக்கப் பரவியிருக்கிறது. அதன் மேல் மஞ்சள் எழுத்து, எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு, அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். இரண்டாவதில் ஒரு பெண்ணின் முகம் மேகத்துக்குள் கரைகிறது, கீழே பாத்தி, நடுவில் மழைத்துளி. மூன்றாவதில் உப்பு அம்பாரம் ஒன்றைக் கோட்டோவியமாக வரைந்து, சுற்றிலும் கட்டம் கட்டி, நட்டநடுவில் வைத்திருக்கிறார். தலைப்பு அதற்கு மேலே ஒடுங்கிக் கிடக்கிறது. இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

மூன்றுக்கும் பொதுவான கோளாறு ஒன்று உண்டு. டிசைனர் முதலில் படத்தை வைத்திருக்கிறார், பிறகு மிச்சம் இருந்த இடத்தில் எழுத்தைச் செருகியிருக்கிறார். இடம் பற்றாதபோது எழுத்து படத்தின் மேல் ஏறுகிறது. ஏறினால் படிக்க முடியவில்லை. படிக்க வைப்பதற்காகக் கோடு, நிழல், ஒளிவட்டம் என்று ஒவ்வொன்றாகப் போர்த்த வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்கிற கல்யாணப் பத்திரிகை நெரிசல் அங்கேதான் தொடங்குகிறது. நான் தலைகீழாகச் செய்வேன். முதலில் தலைப்பை வெறும் வெள்ளைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அது எந்த வடிவத்தில் உட்காருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வடிவத்துக்கு இடம் விடுகிற படத்தைத் தேடுவேன். பெயர் கடைசியாக, படத்தில் எங்கே அமைதி இருக்கிறதோ அங்கே போகும்.

தமிழில் இந்த வரிசை முக்கியம். அமெரிக்காவில் பால் பேக்கன் என்றொரு அட்டை வடிவமைப்பாளர் இருந்தார். 1950களிலிருந்து அவர் செய்த அட்டைகளால் ஒரு பாணியே உருவாயிற்று. தலைப்பு பெரிது, ஆசிரியர் பெயரும் பெரிது, கதையின் கருவைச் சொல்கிற ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இன்றும் அந்தப் பாணியின் வாரிசுகளைப் பார்க்கலாம். நம் டிசைனர்கள் பலரும் அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் தலைப்பை முழுக்க கேப்பிடல் எழுத்தில் போட்டால், ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரத்தில் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். வரிக்கு மேலும் கீழும் எதுவும் நீட்டாது. வரிகளை எவ்வளவு நெருக்கினாலும் சண்டை வராது.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. ஆனால் மேலே புள்ளி, கொம்பின் சுழி, கீழே ழ, ஞ, று போன்றவற்றின் வால், பக்கத்தில் ஒற்றைக் கொம்பும் காலும் என்று நான்கு திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு சொற்களும் நீளம். ‘உப்பளத்தில்’ ஒரே சொல்லில் ஏழு எழுத்து. இதை இரண்டாக உடைக்க முடியாது. ‘உப்பளத்’ என்று ஒரு வரி, ‘தில்’ என்று அடுத்த வரி போட்டால் படிப்பவர் தடுக்கி விழுவார். ஆகவே தமிழ் அட்டையில் தலைப்பின் அளவை நிர்ணயிப்பது நம் ஆசை இல்லை, தலைப்பில் உள்ள மிக நீளமான சொல்.

சரி, கணக்குக்கு வருவோம். டெமி அட்டை ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். அதாவது ஏறக்குறைய 140 மில்லிமீட்டருக்கு 216. இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் ஒதுக்கினால் எழுத்துக்கு 116 மில்லிமீட்டர் கிடைக்கும். ‘உப்பளத்தில்’ என்ற சொல்லை நடுத்தரமான அகலமுள்ள தடித்த எழுத்துருவில் அடித்து 116 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினால், 60 பாயிண்ட் அருகில் வந்து நிற்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது நாலைந்து பாயிண்ட் கூடும், குறையும். உங்கள் தலைப்பின் உச்சவரம்பு அதுதான். உங்கள் மூன்றாவது மாதிரியில் இது 34 பாயிண்ட் அளவில் இருப்பதாகத் தோன்றுகிறது. கிட்டத்தட்டப் பாதி.

அடுத்து வரியை எங்கே முறிப்பது. டிசைனர் மூன்று வரியாகப் போட்டிருக்கிறார்: உப்பளத்தில், பெய்த, மழை. பார்க்கப் படிக்கட்டு மாதிரி அழகாக இறங்குகிறது. ஆனால் ‘பெய்த’ என்ற சொல்லுக்குத் தனி வரி கொடுக்கிற அளவுக்கு அங்கே கனம் இல்லை. இரண்டு வரியாகப் பாருங்கள். மேலே ‘உப்பளத்தில்’, கீழே ‘பெய்த மழை’. மேல் வரியில் ஏழு எழுத்து. கீழ் வரியில் ஐந்து எழுத்தும் ஒரு இடைவெளியும், ஆனால் பெ, ழை இரண்டும் அகலமான எழுத்துகள். இரண்டு வரியும் ஏறக்குறைய ஒரே அகலத்துக்கு வந்துவிடும். இப்படி அமைவது அதிர்ஷ்டம். பல தலைப்புகளில் முதல் வரி ரயில் நீளமும் இரண்டாம் வரி ஒற்றைச் சொல்லுமாக நின்று மானத்தை வாங்கும். சில பேர் ‘மழை’யை மட்டும் பிரம்மாண்டமாக்கலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் அப்போது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் நாவலின் பெயரே ‘மழை’ என்றாகிவிடும். உங்கள் தலைப்பின் வேதனையே உப்பளத்தில் மழை பெய்ததுதானே? இரண்டு சொல்லும் சம கனத்தில் நிற்கட்டும்.

இந்த இரண்டு வரியில் எங்கே முட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். மேல் வரியில் த் இருக்கிறது, தி இருக்கிறது. பல எழுத்துருக்களில் த-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். கீழ் வரியில் ய் இருக்கிறது, அதற்குத் தலையில் புள்ளி. வால் வந்து புள்ளியின் மேல் உட்கார்ந்தால், புள்ளி எந்த வரியைச் சேர்ந்தது என்றே தெரியாமல் போகும். 60 பாயிண்ட் எழுத்துக்கு வரியிடைவெளி 68 முதல் 72 பாயிண்ட் வைத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்து இறக்குங்கள். முட்டினால் கீழ் வரியை இரண்டு மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளினாலே போதும், பெரும்பாலும் சரியாகிவிடும். அதேபோல மேல் வரியின் கடைசியில் தி-யின் சுழியும் ல்-இன் புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. தடித்த எழுத்துருவில் இவை ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு முடிச்சாகத் தெரியும். அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

அதற்காக முழுத் தலைப்பிலும் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிடக் கூடாது. ஆங்கிலத் தலைப்பில் அது கம்பீரமாக இருக்கும். தமிழில் ‘பெய்த’ என்பதை அகட்டினால், மென்பொருள் கொம்பைத் தனியாகவும் பகரத்தைத் தனியாகவும் தள்ளிவிடக்கூடும். கொம்பு ஒரு தனி எழுத்தாக நின்று முழிக்கும்.

இன்னொரு பாவம், இடம் பற்றவில்லை என்றால் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது. 75 சதவீதத்துக்கு அமுக்கினால் நிற்கிற கோடுகள் மெலியும், படுக்கிற கோடுகள் அப்படியே தடியாக இருக்கும். தமிழ் எழுத்தில் ப, ள, ழ எல்லாம் இரண்டு கோடும் கலந்து ஓடுவதால் இது உடனே கண்ணில் உறுத்தும். உண்மையிலேயே ஒடுக்கமாக வரைந்த எழுத்துரு வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிற Anek Tamil இதற்கு உதவும். அதில் தடிமனைப் போலவே அகலத்தையும் 75 முதல் 125 வரை மாற்றலாம், எந்த அகலத்திலும் கோடுகளின் கனம் கெடாது. ‘உப்பளத்தில்’ என்பதை 85 அகலத்தில் வைத்தால் 60 பாயிண்டுக்குப் பதிலாக 68, 70 வரை போகலாம்.

எனக்கு உள்ளூர இன்னும் பிடித்தது கையால் எழுதிய தலைப்பு. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகளைப் பழைய நூல்களிலும் பத்திரிகைகளிலும் பார்த்திருப்பீர்கள். அங்கே வால் எங்கே முடிய வேண்டும், புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை அந்தத் தலைப்புக்காகவே கை முடிவு செய்திருக்கும். முட்டுகிற பிரச்சினையே எழாது. உங்கள் தலைப்பில் மொத்தம் 12 எழுத்துதான். நல்ல எழுத்தோவியர் ஒருவர் கிடைத்தால், படத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கலாம். ஆனால் சுமாரான கை எழுத்துக்கு நல்ல எழுத்துருவே மேல்.

60 பாயிண்ட் போதுமா என்பதைக் கைபேசியில் சோதிக்க வேண்டும். இணையக் கடையின் பட்டியலில் உங்கள் அட்டை 120 பிக்சல் அகலத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 140 மில்லிமீட்டர் 120 பிக்சலாகச் சுருங்கும்போது, ஒரு பிக்சலுக்குள் 1.2 மில்லிமீட்டர் போய்விடும். 60 பாயிண்டில் ப, ம போன்ற எழுத்தின் உடல் உயரம் 10, 11 மில்லிமீட்டர் இருக்கும். அது 9 பிக்சல் ஆகிறது. படிக்கலாம். உங்கள் மாதிரியின் 34 பாயிண்ட் 5 பிக்சல் ஆகும். அந்த அளவில் ள-வும் ன-வும் ஒன்றாகிவிடும், புள்ளி மறைந்துவிடும், ‘உப்பளத்தில்’ வெறும் அழுக்குக் கோடு. இந்தச் சோதனைக்கு டிசைனர் தேவையில்லை. அவர் அனுப்பிய படத்தை நீங்களே 120 பிக்சலுக்குச் சுருக்கி, பெரிதாக்காமல் பார்த்தால் போதும்.

அப்புறம் உங்கள் பெயர். இங்கேதான் எழுத்தாளர்களோடு எனக்குச் சங்கடம் வரும். மாதிரிகளில் உங்கள் பெயர் தலைப்பில் முக்கால் பங்கு பெரிதாக இருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கியதா, டிசைனரே மரியாதைக்காகச் செய்ததா தெரியவில்லை. அளவை நிர்ணயிக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: கடையில் கை நீட்டுகிறவர் எதைப் பார்த்து நீட்டுகிறார்? பத்து நாவல் எழுதி, வாசகர் பெயரைத் தேடி வருகிறார் என்றால், பெயர் தலைப்புக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பது நியாயம். அப்போது தலைப்புதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். முதல் நாவலுக்குத் தலைப்பும் படமும்தான் அழைக்க வேண்டும். பெயர் அதற்கு அடுத்தபடி.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது யாருக்கும் நல்லதில்லை. தலைப்பு 60, பெயர் 45 என்றால் எது தலைப்பு, எது பெயர் என்று கண் ஒரு கணம் தடுமாறும். அதுவும் ‘மழை’ போன்ற சொற்கள் பெயராகவும் இருக்கக்கூடிய மொழி நம்முடையது. இரண்டரைக்கு ஒன்று என்ற விகிதம் எனக்குப் பழக்கமானது. தலைப்பு 60 என்றால் பெயர் 24. கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு 24 பாயிண்ட் தாராளம். கைபேசிப் பட்டியலில் அது படிக்க முடியாமல் போகும், 4 பிக்சல்கூடத் தேறாது. பரவாயில்லை. அங்கே உங்கள் பெயரை அட்டைக்குப் பக்கத்திலேயே எழுத்தில் போட்டிருப்பார்கள். இல்லாத பிரச்சினைக்காகப் பெயரை ஊதிப் பெரிதாக்கித் தலைப்பின் இடத்தைத் தின்ன வேண்டாம்.

பெயரைத் தலைப்பின் எழுத்துருவிலேயே, கொஞ்சம் மெலிந்த தடிமனில் போடுங்கள். மூன்று மாதிரியிலும் தலைப்புக்கு ஒரு எழுத்துரு, பெயருக்குச் சாய்ந்த கையெழுத்து மாதிரி ஒன்று, ‘நாவல்’ என்ற சொல்லுக்கு மூன்றாவது ஒன்று. ஒன்று போதும். ‘நாவல்’ என்ற சொல் நம் அட்டைகளில் போடுவது வழக்கம். சிறுகதைத் தொகுப்பா, கவிதையா என்று வாங்குகிறவர் குழம்பாமல் இருக்க அது உதவுகிறது. தலைப்புக்குக் கீழே 13, 14 பாயிண்டில் போட்டால் போதும். பதிப்பகச் சின்னம் 8 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். முன்னுரை எழுதியவர் பெயர் பின்னட்டைக்குப் போகட்டும். முன்னுரை எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்தான்.

இனி படம். தலைப்பை மேலே வைத்துவிட்டால் என்ன மிச்சம் என்று பாருங்கள். மேல் விளிம்பிலிருந்து 22 மில்லிமீட்டரில் தலைப்பு தொடங்கி 70-க்குள் முடிகிறது. ‘நாவல்’ 80-க்குள். கீழே 135 மில்லிமீட்டர் உயரம் படத்துக்கு. தலைப்பு அகலமான, கனமான ஒரு பட்டை. அதன் கீழே வருகிற உருவம் மேலே குறுகி, கீழே விரிந்தால், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். உங்கள் அம்பாரம் அப்படிப்பட்ட உருவம்தான். அதனால்தான் மூன்றாவது மாதிரியை எடுக்கச் சொன்னேன். உச்சி 95 மில்லிமீட்டரில் தொடங்கட்டும். அடிவாரம் அட்டையின் கீழ் விளிம்பையும் இரண்டு பக்கங்களையும் தாண்டி வெளியே போகட்டும். கட்டத்தை எடுத்துவிடுங்கள். கட்டத்துக்குள் இருக்கும்வரை அது அட்டையில் ஒட்டிய ஒரு படம். விளிம்பைத் தாண்டினால் அட்டையே அம்பாரம் ஆகிவிடும். அளவும் பெரிதாகத் தோன்றும், ஏனென்றால் எங்கே முடிகிறது என்று தெரியாத பொருளைக் கண் பெரிதாகவே எடுத்துக்கொள்ளும்.

பின்புலம் மழைக்கு முந்தைய வானத்தின் கருநீலம். அம்பாரம் வெள்ளை. தலைப்பும் அதே வெள்ளை. இப்படிச் செய்து சுருக்கிப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியவரும். நான் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தபோது அது உடனே கண்ணில் பட்டது. கருநீலத்தில் வெள்ளை முக்கோணம் என்றால் இமயமலை! பனிமலை ஏறுகிற நாவல் என்று நினைப்பார்கள். தலைப்பைப் படித்தால் தெளியும்தான், ஆனால் படமும் தலைப்பும் முதல் பார்வையில் சண்டை போடக் கூடாது.

இதற்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தலாமே என்று தோன்றும். சின்ன மனித உருவம் ஒன்று பெரிய உருவத்தின் அளவைக் காட்டிக்கொடுக்கும் என்பது பழைய உத்தி. 1975-இல் வந்த ‘ஜாஸ்’ நாவலின் மலிவுப் பதிப்பு அட்டையில், ரோஜர் காஸ்டல் வரைந்த சுறா கீழிருந்து எழும்ப, மேலே ஒரு பெண் சின்னதாக நீந்திப் போவாள். அவள் இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு மீன். ஆனால் உங்கள் விஷயத்தில் அது சரிவராது. அம்பாரம் ஆளைப்போல இரண்டு மூன்று மடங்குதான் உயரம். உண்மையான அளவில் வரைந்தால், 120 மில்லிமீட்டர் அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஆள் 40 மில்லிமீட்டருக்கு வந்துவிடுவார். அது இரண்டாவது படம். மனித உருவம் வந்துவிட்டால் கண் அதை விட்டு வேறெங்கும் போகாது. ஆளைச் சின்னதாக்கினால் அம்பாரம் மறுபடி மலையாகிவிடும்.

நான் கீற்றை எடுத்துக்கொள்வேன். மழைக்காலத்துக்கு முன்னால் அம்பாரத்தைக் கீற்று வேய்ந்து மூடுவதை நீங்கள்தான் நாவலில் எழுதியிருப்பீர்கள், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தார்ப்பாயும் போடுகிறார்கள், ஆனால் அட்டைக்குக் கீற்றுதான் வேண்டும், அதன் பின்னல் கோடுகள் ஓவியத்தில் நன்றாக வரும். உச்சியிலிருந்து இடது சரிவில் பாதிவரை கீற்று இறங்கியிருக்கிறது. மீதி மூடப்படவில்லை. வலது சரிவில் தண்ணீர் ஓடி உப்பைத் தின்ற ஒரு குழிவு. அவ்வளவே. மழைத்துளி வேண்டாம், மேகம் வேண்டாம், மின்னல் வேண்டாம். பாதி வேய்ந்த கீற்றும் கரைந்த சரிவும் இருந்தால், மழை முந்திக்கொண்டது என்று புரிந்துவிடும். தலைப்பு ‘மழை’ என்று சொல்லிவிட்ட பிறகு படமும் மழையைக் காட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதாகும். தலைப்பு நிகழ்ச்சியைச் சொல்கிறது, படம் அதன் விளைவைக் காட்டட்டும்.

பனிமலைக் குழப்பமும் இதில் தீர்கிறது. பனிமலைக்கு யாரும் கீற்று வேய்வதில்லை. 120 பிக்சலில் பின்னல் தெரியாது, ஆனால் வெள்ளையின் ஒரு பக்கம் பழுப்பாக மூடியிருப்பது தெரியும்.

இப்போது பெயருக்கு இடம் தானாகக் கிடைத்துவிட்டது பாருங்கள். கீற்று பாதியில் நின்றுவிட்டதால் அடிவாரம் முழுக்க வெறும் வெள்ளை. கீழ் விளிம்பிலிருந்து 25 மில்லிமீட்டர் மேலே, அந்த வெள்ளையில், கறுப்பு எழுத்தில் 24 பாயிண்டில் உங்கள் பெயர். நிழலும் கோடும் பட்டையும் எதுவும் வேண்டியதில்லை. ஓவியரிடம் அடிவாரத்தில் உப்பின் சொரசொரப்பைக் குறைத்து வரையச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரு சோதனை போதும். அட்டையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தலைப்பு அப்போதும் துல்லியமாக நின்றால் நல்லது. உங்கள் முதல் மாதிரியை மாற்றிப் பார்த்தேன், மஞ்சள் எழுத்தும் அந்திவானமும் ஒரே சாம்பலாகிவிட்டன. நிறத்தில் வேறுபாடு இருந்தும் வெளிச்சத்தில் வேறுபாடு இல்லாததால்தான் அவருக்குக் கறுப்புக் கோடு தேவைப்பட்டிருக்கிறது.

அச்சில் இரண்டு மூன்று இடத்தில் கவனம். திரையில் ஒளிர்கிற நீலம் நான்கு வண்ண அச்சில் அப்படி வராது, மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் மங்கும். கருநீலத்தை ஒரு படி வெளிச்சமாகவே வையுங்கள், இல்லாவிட்டால் கீற்றின் நிழலும் வானமும் கலந்துபோகும். நீலத்தில் வெள்ளையாக விட்ட எழுத்து என்பது மை படாமல் விட்ட இடம். வண்ணங்கள் இம்மி நகர்ந்தாலும் மெல்லிய கோடுகள் அடைபடும். 60 பாயிண்டுக்குக் கவலையில்லை, ஆனால் ‘நாவல்’ என்ற 13 பாயிண்ட் எழுத்தைத் தடித்ததாகப் போடாவிட்டால் ல்-இன் புள்ளி அடைந்துவிடும். உங்கள் பெயரைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு மையையும் கலந்த கறுப்பு வேண்டாம், ஓரத்தில் நிறம் பிதுங்கும்.

இன்னொன்று, கணினியில் பார்த்தால் தெரியவே தெரியாதது. ஒட்டுக்கட்டு நூலில் அட்டை முதுகை ஒட்டி மடியும். அந்தப் பக்கம் ஆறேழு மில்லிமீட்டர் கண்ணுக்குச் சரியாக வராது. முன்னட்டையின் நட்டநடுவில் தலைப்பை வைத்தால், புத்தகமாகக் கையில் எடுக்கும்போது முதுகுப் பக்கமாகச் சாய்ந்து தெரியும். தலைப்பு, உச்சி, பெயர் மூன்றையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வலப்பக்கம், அதாவது திறக்கிற ஓரத்தின் பக்கம் நகர்த்துங்கள். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் படம் நீண்டிருக்க வேண்டும். 232 பக்கம் என்றால் 116 தாள், 70 ஜிஎஸ்எம் தாளில் முதுகு 11, 12 மில்லிமீட்டர் வரும், ஆனால் அந்த எண்ணை அச்சகத்திடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். முதுகு தப்பினால் முன்னட்டையின் கருநீலம் முதுகில் வழியும், இல்லையென்றால் முதுகின் நிறம் முன்னால் வரும்.

கடைசியாக, தலைப்பு எழுத்துகள் உடையாமல் அச்சகம் போய்ச் சேர வேண்டும். யூனிகோடு தமிழை அடித்தால் ‘பெய்த’ என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, ‘மழை’யில் ஐகாரக் குறி ழ-வுக்கு வலப்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மென்பொருளின் அமைப்பு தவறு. இன்டிசைனில் பத்தி அமைப்புப் பட்டியலில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். சரியான பிறகு எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, பி.டி.எஃப். ஆக அனுப்ப வேண்டும். மாற்றியபின் திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துத் தலைப்பை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு அட்டை, பி.டி.எஃப். ஆகப் போகாமல் மூலக் கோப்பாகவே அச்சகம் போனது. அங்கே அந்த எழுத்துரு இல்லை. மென்பொருள் வேறொன்றை எடுத்துக்கொண்டது. தலைப்பில் ஒரே ஒரு கொம்பு இடம் மாறியது. நான் பார்க்கவில்லை, பதிப்பாளர் பார்க்கவில்லை, எழுத்தாளரும் பார்க்கவில்லை, ஏனென்றால் மூன்று பேருக்கும் தலைப்பு மனப்பாடம். ஆயிரம் அட்டை அச்சாகி, லேமினேஷன் முடிந்து, மடிப்புக்கு வந்த பிறகு பைண்டிங்கில் வேலை பார்த்த பையன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது என்னண்ணே பேரு?” என்று கேட்டான்.